குளியலறை வேலை: இரண்டு கொட்டேஷனில் எது?

அண்ணா,

இரண்டு கொட்டேஷனையும் பார்த்துவிட்டேன். முதல் மேஸ்திரி 58,000 ரூபாய் கேட்கிறார். பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டி நாலு நாளில் முடித்துவிடுவார். இரண்டாமவர் 84,000. பழையதை உடைத்தெடுத்து, வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட் அடித்து, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகுதான் டைல்ஸ் போடுவார்.

கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்து பூச்சு உதிர்கிறதே, மேலே ஒட்டுகிற டைல்ஸ் அதை எப்படி நிறுத்தும்? கசிவு அடியில் இருக்கிறது. தரையும் உயர்ந்து, தண்ணீர் வாசல் பக்கம் வரும்.

அதனால் இரண்டாமவருக்கே சரி சொல்லிவிட்டேன். ஈரத்தின் ஓரத்தில் பென்சில் கோடு போட்டிருக்கிறேன். தண்ணீர் தேக்கும்போது ஈரம் அதைத் தாண்டாவிட்டால்தான் கடைசி 20,000 ரூபாய் கொடுப்பேன் என்றேன். ஒத்துக்கொண்டார்.