பாதியில் நின்ற நீட் கோச்சிங், திரும்பி வராத 70,800 ரூபாய்: பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

70,800 ரூபாய். தஞ்சாவூரில் ஒரு நீட் கோச்சிங் சென்டர், என் மகளுக்கு நடத்தாத வகுப்புகளுக்காக வாங்கி வைத்துக்கொண்டு தர மறுக்கும் பணம் இது. இன்று காலை அங்கிருந்து வந்த பதில்: "ரசீதுலயே நான்-ரீஃபண்டபிள்னு போட்டிருக்கு சார், படிச்சுப் பாருங்க." போனை வைத்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். வயிறு எரிகிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போவதால் சென்டரின் பெயரை எழுதவில்லை.

எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம். மகள் பிளஸ் டூ முடித்து, நீட்டில் மார்க் பத்தாமல், ஒரு வருடம் ரிப்பீட்டராகப் படிக்கிறேன் என்றாள். ஜூலை முதல் ஏப்ரல் வரை பத்து மாத வகுப்பு. கட்டணம் 1,20,000, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 21,600, மொத்தம் 1,41,600. புத்தகத்துக்குத் தனியாக வாங்கினார்கள், அதை நான் திருப்பிக் கேட்கவில்லை. மேட்டூர் திறந்து குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம். உழவுக்கும் உரத்துக்கும் என்று கூட்டுறவு சங்கத்தில் நகையை வைத்து வாங்கிய கடனில் பெரும்பகுதி இந்தக் கட்டணத்துக்குப் போனது. குறுவை நெல்லை அரசு கொள்முதல் நிலையத்தில் போட்டதும் நகையை மீட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு.

மூன்று தவணையாகக் கட்டுகிறேன் என்றுதான் முதலில் சொன்னேன். அட்மிஷன் கவுன்சிலர் பெண் உள்ளே போய், சென்டரை நடத்துகிறவரையே அழைத்து வந்தார். அவர் எனக்கு எதிரே உட்காரவில்லை, பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். எத்தனை மா நிலம், தண்ணீர் வந்துவிட்டதா என்றெல்லாம் விசாரித்தார். மகளைப் பார்த்து, "பாப்பா கண்ணுலயே தெரியுது, இந்த வருஷம் அடிச்சிடும்" என்றார். பிறகு என்னிடம், "அண்ணே, தவணைன்னா 1,60,000. இன்னைக்கே முழுசா கட்டிட்டீங்கன்னா 40,000 ஸ்காலர்ஷிப்பா போட்டுத் தர்றேன். பாப்பாவுக்கு இடையில பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, மிச்சத்தக் கணக்குப் பண்ணிக் குடுத்துடப்போறோம். நம்ம ஊரு ஆளுங்க, நமக்குள்ள என்ன?" என்றார். அந்த "நமக்குள்ள என்ன"வை நம்பி, வங்கிக் கணக்கிலிருந்து அங்கேயே முழுத்தொகையையும் அனுப்பினேன். பணம் ஏறியதும் ரசீது வந்தது. அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அதைத்தான் இன்று காலை எனக்குப் படிக்கச் சொன்னார்கள்.

தீபாவளிக்குப் பிறகு இயற்பியல் சார் வேறு ஊருக்குப் போய்விட்டார். புதியவர் வருகிறார், வருகிறார் என்றார்கள். யாரும் வரவில்லை. வகுப்பில் ஒரு பெரிய டிவியை வைத்து, வேறு கிளையில் எப்போதோ பதிவு செய்த வீடியோவை ஓடவிட்டார்கள். மகள் சொன்னாள்: "டவுட் கேக்க ஆளே இல்லப்பா. வீடியோவ போட்டுட்டு அக்கா வெளிய போயிடுறாங்க. முடிஞ்சதும் வந்து ஆஃப் பண்றாங்க." இதற்கா பிள்ளை விடியற்காலை பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போக வேண்டும்? நவம்பர் கடைசியில் நிறுத்திவிட்டு, மன்னார்குடியில் தனியாக இயற்பியல் சொல்லித்தரும் ஒரு ஆசிரியரிடம் சேர்த்தோம்.

நிறுத்துகிறோம் என்று வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் கொடு என்று என் மைத்துனன் சொன்னான். வகுப்புக்குப் போகாமல் சும்மா நின்றால், "உங்க பொண்ணுதான் லீவு போட்டுச்சு, நாங்க கிளாஸ் நடத்திட்டுத்தானே இருந்தோம்" என்று ஏப்ரல் வரைக்கும் கணக்கு எழுதிவிடுவார்களாம். கடிதம் போன தேதியிலிருந்துதான் மீதி நாள் கணக்கு நிற்கும். நான் கொடுத்த கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

"என் மகள் தங்கள் மையத்தில் ஜூலை 1 முதல் ஏப்ரல் 30 வரையிலான நீட் ரிப்பீட்டர் வகுப்பில் சேர்ந்து, முழுக் கட்டணமாக ரூ.1,41,600 செலுத்தியுள்ளார் (ரசீது நகல் இணைப்பு). இயற்பியல் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் பதிவு செய்த வீடியோ மட்டுமே காட்டப்படுவதால், டிசம்பர் 1 முதல் அவரை வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்கிறேன். பத்து மாதங்களில் ஐந்து மாதங்கள் பயன்படுத்தப்படவில்லை. அதற்குரிய கட்டணம் ரூ.60,000, ஜிஎஸ்டி ரூ.10,800, ஆக ரூ.70,800. மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மைய வழிகாட்டு நெறிமுறைகளின்படி இத்தொகையை 10 நாட்களுக்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆன்லைன் வகுப்புக்கோ அடுத்த ஆண்டு வகுப்புக்கோ மாற்றிக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை."

கடைசி வரி அவசியம். பணம் கேட்டவுடன் அவர்கள் முதலில் நீட்டுவது ஆன்லைன் பேட்ச்தான். "ஃப்ரீயா ஐடி தர்றோம், பாப்பா வீட்டுலயே பாக்கட்டும்" என்பார்கள். அந்த ஐடியில் பிள்ளை ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தாலும் சேவையைப் பயன்படுத்திவிட்டதாகப் பேச அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும்.

கடிதத்தை நேரில் கொடுத்தேன். நகலில் முத்திரை வைத்துத் தரச் சொன்னதற்கு, ரிசப்ஷனில் இருந்த பெண், "சீல் சார்கிட்ட இருக்கு, சார் மீட்டிங்ல இருக்காங்க" என்றார். காத்திருந்து பார்த்துவிட்டு, அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன். சேர்ந்ததற்கான விவரத்தை தபால் துறை இணையதளத்திலிருந்து பிரிண்ட் எடுத்தும் வைத்தேன். அதன் பிறகு அக்கவுண்ட்ஸ் பிரிவு சனிக்கிழமைதான் வரும் என்றார்கள். சனிக்கிழமை போனால், ரீஃபண்ட் எல்லாம் சென்னை ஹெட் ஆபீஸ் என்றார்கள். ஹெட் ஆபீசுக்கு மெயில் போட்டால், கிளையைத் தொடர்புகொள்ளவும் என்று பதில். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டவர் என் போனையே எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் பார்த்ததற்கு நீல டிக் மட்டும் விழுகிறது.

ஒருவழியாக ஒரு கணக்கு அனுப்பினார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே புரிந்தது. பாதியில் விலகுவதால் 40,000 ஸ்காலர்ஷிப் ரத்தாம். ஆகவே கட்டணம் 1,60,000, அதில் ஐந்து மாதத்துக்கு 80,000 போய்விட்டது. நான் கட்டிய 1,20,000-ல் மீதி 40,000. அதில் நிர்வாகச் செலவு 25,000. மிச்சம் 15,000. அதையும் ரொக்கமாகத் தரமாட்டார்களாம், என் மகன் பிற்பாடு சேர்ந்தால் கழித்துக்கொள்வார்களாம். 70,800 எங்கே, 15,000 எங்கே! ஸ்காலர்ஷிப் ரத்தாகும் என்று ரசீதிலும் இல்லை, விண்ணப்பத்திலும் இல்லை. யாருமே தராத ஒரு விலையைச் சொல்லி, அதில் தள்ளுபடி கொடுத்ததுபோல் காட்டி, பணத்தைத் திருப்பித் தரும்போது அந்தப் பழைய விலைக்கு ஏற்றிக் கழிக்கிறார்கள். முழுக் கட்டணத்தையும் முதல் நாளே வாங்குவது இதற்காகத்தான்.

ஜிஎஸ்டி பற்றிக் கேட்டால், "அது கவர்மெண்டுக்குக் கட்டியாச்சு, எங்க கையில இல்ல" என்கிறார்கள். எங்கள் ஊர் ஆடிட்டர் ஒருவரிடம் கேட்டேன். பில் போட்டபின் தொகை குறைந்தால் கிரெடிட் நோட் போட்டு அந்த வரியைச் சரிசெய்துகொள்ளலாம், நிதியாண்டு முடிந்து வருகிற நவம்பர் 30 வரை அவகாசம் உண்டு என்றார். வழி இருக்கிறது, செய்ய மனமில்லை.

இன்னொரு பதில்: "கல்வி நிறுவனம் சார், கன்ஸ்யூமர் கோர்ட் எங்களுக்கு வராது." இதைக் கேட்டுத்தான் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். பல்கலைக்கழகம், கல்லூரி பற்றி அப்படித் தீர்ப்புகள் இருப்பது உண்மை. ஆனால் தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் அப்படிச் சொன்ன ஒரு தீர்ப்பிலேயே, கோச்சிங் சென்டரைக் கல்வி நிறுவனத்துக்குச் சமமாக வைக்க முடியாது, அது நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறது.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் கடிதத்தில் காட்டிய 2024 நெறிமுறைகள் மாநிலங்களுக்கு மத்திய அரசு அனுப்பியவை. பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தை 10 நாளில் தர வேண்டும், அந்த மையத்தின் விடுதியில் இருந்தால் விடுதி, சாப்பாட்டுக் கட்டணமும் சேர்த்துத் தர வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் அது தனியாக நின்று தண்டிக்கும் சட்டம் இல்லை. அதனால் அதை மட்டும் நம்பிப் போகக்கூடாது. ஆசிரியர் இல்லாமல் வீடியோ போட்டது சேவைக் குறைபாடு, அதற்குரிய பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை, இந்த இரண்டும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. மனுவை இதன்மேல்தான் கட்ட வேண்டும் என்று வக்கீல் சொன்னார். "ரசீதில் உள்ள அந்த வரியே நியாயமற்ற ஒப்பந்தம்" என்று அதை முதன்மையாக வைத்துக் கேட்டால், வழக்கு மாநில ஆணையத்துக்குப் போய்விடுமாம். மாவட்டத்திலேயே முடிய வேண்டியதைச் சென்னைக்கு இழுத்துக்கொள்ள வேண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். அவர்கள் சென்டருக்கு அனுப்பினார்கள், சென்டர் அதே ரசீது வரியைப் பதிலாக அனுப்பியது. அதற்குமேல் உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் சென்டர் எழுத்தில் மறுத்ததற்கு எனக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. அடுத்தது திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்டர் தஞ்சாவூரில் இருந்தாலும், நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் மறுக்கப்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

விவரமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. சட்டென்று சொல்லிவிடுகிறேன். முழுக் கட்டணமும் ஒரே தடவையில் கட்டாதீர்கள், எத்தனை ஆயிரம் தள்ளுபடி சொன்னாலும். "மிச்சத்தத் தந்துடுவோம்" என்று சொன்னால், அதை அவர்கள் நம்பரிலிருந்து ஒரு வரி வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். மார்க் ஷீட் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். ஆசிரியர் போய்விட்டால் அந்த வாரமே தேதி போட்டு மெயில் அனுப்புங்கள், பிள்ளையின் டைம்டேபிளைப் போட்டோ எடுத்து வையுங்கள். என் மகளோடு அதே பேட்ச்சில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால், டிவி ஓடும் வகுப்புகளின் தேதிகளை இப்போதே குறித்து வையுங்கள். திருவாரூரில் மனு போடும்போது என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போட ஆள் வேண்டும்.