ஆன்டிபாடி டெஸ்ட்டா, நேராக ஐ.யு.ஐ.யா?

கல்யாணமாகி நாலாவது வருஷம், எனக்கு வயது 33. மாதவிடாய் ஒழுங்காக வருகிறது, கருக்குழாய் பார்க்கும் எக்ஸ்ரேயான எச்.எஸ்.ஜி.யில் குழாய் இரண்டும் திறந்தே இருந்தன. கணவரின் விந்து அறிக்கையில் மட்டும் எண்ணிக்கை போதுமானது, அசைவு குறைவு, கூடவே விந்தணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதாக ‘அக்ளூட்டினேஷன் டூ பிளஸ்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரியிலிருந்து இரண்டு வழி பிரிந்தது.

ஒன்று, நாத்தனாருக்குத் தெரிந்த ஒரு லேபில் சொன்னது. இரண்டு பேருக்கும் ரத்தத்தில் விந்தணு எதிர்ப்பு ஆன்டிபாடி பார்ப்பது, எனக்கு உறவுக்குப் பின் கர்ப்பப்பை வாய்ச் சளியில் விந்தணு எப்படி இருக்கிறது என்று பார்க்கும் சளிப் பரிசோதனை செய்வது, ஏதாவது வந்தால் ஸ்டீராய்டு. இன்னொன்று, மதுரை அண்ணா நகரில் நாங்கள் பார்க்கும் டாக்டரம்மா சொன்னது. விந்துப் பரிசோதனையைச் சரியாகத் திரும்ப எடுத்துவிட்டு, விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ.க்குப் போவது. நாங்கள் இரண்டாவதில் இறங்கினோம், என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

செலவு, அலைச்சல் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; ஐ.யு.ஐ.க்கும் காசு ஆகும், ஸ்கேனுக்கு அலைய வேண்டும்.

ஆன்டிபாடி சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆன்டிபாடி இருந்தால் உயிருள்ள, அசையும் விந்தணுக்கள் தலையோடு தலை, வாலோடு வால் என்று ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். செத்த அணுக்கள் சளியிலோ குப்பையிலோ ஒட்டிக் கும்பலாகக் கிடப்பது வேறு. அதற்கும் ஆன்டிபாடிக்கும் சம்பந்தமில்லை. எங்கள் முதல் மாதிரி மேலூர் வீட்டில் எடுத்து, பஸ்ஸில் கொண்டுபோய், லேபில் வரிசையில் காத்திருந்து கொடுத்தது. ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டிய மாதிரி. அசைவு குறைந்து அணுக்கள் கும்பலாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அடுத்த தடவை லேபிலேயே எடுத்துக் கொடுத்தோம். அசைவு கூடியிருந்தது, அக்ளூட்டினேஷன் வரியே இல்லை.

சளிப் பரிசோதனையின் கதையும் இப்படித்தான். கருமுட்டை வெளிவருவதற்குச் சற்று முன்புதான் கர்ப்பப்பை வாய்ச் சளி தெளிவாக, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி நூலாக இழுபடும். அந்த நாட்களுக்கு முன்னாலோ பின்னாலோ எடுத்தால் கெட்டியாகத்தான் இருக்கும், விந்தணு உள்ளே நுழையாது. அதைப் பார்த்து ‘சளி ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எழுதிவிடுவார்கள். மோசமாக வரும் முடிவுகளுக்குப் பெரும்பாலும் காரணம் நாள் தவறியதுதான். முட்டை வளரக் கொடுக்கும் குளோமிஃபின் மாத்திரையும் சிலருக்குச் சளியைக் கெட்டியாக்கும்.

சரி, டெஸ்ட்டில் ஆன்டிபாடி இருப்பதாகவே வந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன செய்வோம்? நான் டாக்டரம்மாவிடம் கேட்ட ஒரே கேள்வி இதுதான். சளிதான் தடை என்றால் ஐ.யு.ஐ.; கழுவிய விந்தணுவைக் குழாய் வழியாகச் சளியைத் தாண்டிக் கர்ப்பப்பைக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். ஆன்டிபாடி விந்தணு மேலேயே ஒட்டியிருந்தால் கழுவினாலும் முழுதாகப் போகாது, ஆனாலும் முதலில் ஐ.யு.ஐ. முயல்வார்கள். அது பலிக்காவிட்டால் இக்ஸி. ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள்ளேயே செலுத்துவதால் ஆன்டிபாடிக்கு அங்கே வேலையில்லை. டெஸ்ட்டில் ஒன்றுமே இல்லை என்று வந்தால்? நாலு வருஷம், 33 வயது, திறந்த குழாய் என்றால் அப்போதும் ஐ.யு.ஐ., அப்புறம் ஐ.வி.எஃப். அல்லது இக்ஸி. எந்தப் பக்கம் போனாலும் வந்து சேர்வது ஒரே படிக்கட்டு. அதில் எந்தப் படியில் எவ்வளவு நாள் நிற்பது என்பதை முடிவு செய்வது என் வயதும் கழுவிய பின் மிஞ்சும் அசையும் அணுக்களின் எண்ணிக்கையும்தான்.

நெதர்லாந்தில் செய்து 1998-ல் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டியது. சளிப் பரிசோதனையை வழக்கமாகச் செய்த குழுவில் மேற்கொண்டு டெஸ்ட்டும் சிகிச்சையும் கூடின, கர்ப்பம் கூடவில்லை. ஸ்டீராய்டு விஷயமோ இன்னும் மோசம். பலன் உறுதியில்லை, அதிக அளவில் மாதக்கணக்காக எடுத்தால், அபூர்வமாக என்றாலும், இடுப்பு மூட்டு எலும்பு செத்துப்போகும் ஆபத்து உண்டு. மாதக்கணக்கில் ஆணுறை போட்டு ஆன்டிபாடியைக் குறைக்கும் பழைய யோசனையை அத்தை எங்கிருந்தோ கேட்டு வந்து சொன்னார். 33 வயதில் அந்த மாதங்களை விட மனம் வரவில்லை.

முதல் வழிக்கும் ஓரிடம் உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்து, குழாயைத் திரும்பச் சேர்த்த ஆண்கள், விதையில் அடிபட்டவர்கள், புது மாதிரியிலும் அசையும் அணுக்கள் ஒட்டிக்கொண்டே இருப்பவர்கள் இவர்களுக்கு ஆன்டிபாடி நிஜமாகவே இருக்கலாம். அப்போதும் ரத்தம் பார்ப்பதைவிட விந்தணு மேலேயே பார்க்கும் எம்.ஏ.ஆர். டெஸ்ட் பொருத்தம். அசையும் அணுக்களில் பாதிக்கு மேல் ஒட்டியிருந்தால் கணக்கில் கொள்வார்கள். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும், அதுவும் தலைப்பகுதியில், ஒட்டியிருந்தால் சாதாரண ஐ.வி.எஃப். வேண்டாம், நேராக இக்ஸி என்று சொல்ல அது உதவலாம். எங்களுக்கு அது தேவைப்படாததால் அனுபவமாகச் சொல்ல இல்லை. இப்போது முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரையோடு ஐ.யு.ஐ. போய்க்கொண்டிருக்கிறது.