அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி: தலைவலி இல்லாமல் போய்ச் சேர ஸ்கூட்டரா, காரா, மெட்ரோவா?

எனக்கு ஒற்றைத் தலைவலி பல வருடமாக உண்டு. வீடு பெங்களூரு அல்சூரில், வேலை அதே ஊரின் எலக்ட்ரானிக் சிட்டியில். சில்க் போர்டு சிக்னலில் லாரிக்குப் பின்னால் நிற்கும்போதே இடது புருவத்துக்கு மேல் துடிக்க ஆரம்பித்துவிடும். பதினொரு மணிக்கு ஆபீஸில் ட்யூப்லைட் வெளிச்சம்கூடத் தாங்காது.

எது தேவலாம் என்று தெரிந்துகொள்ள ஸ்கூட்டர், கார், மெட்ரோ மூன்றிலும் இரண்டிரண்டு வாரம் போய்வந்தேன். வலி எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் தொடங்கியது, காலையில் சாப்பிட்டேனா, எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தினமும் நோட்டில் எழுதினேன். இது அவசியம். பட்டினியாலும் தூக்கமின்மையாலும் வரும் வலியை நாம் சுலபமாகப் புகையின் தலையில் கட்டிவிடுவோம்.

முதலில் ஸ்கூட்டர். பத்து வேலை நாளில் ஆறு நாள் வலி, அதுவும் என்95 மாஸ்க் போட்டுக்கொண்டே. காரணம் இதுதான்: வண்டிப் புகையில் நுண்துகளும் உண்டு, வாயுவும் உண்டு. என்95 சரியாகப் பொருந்தினால் துகளில் 95 சதவீதத்தைத் தடுக்கும். கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் அதன் வழியாகத் தாராளமாக உள்ளே வரும். டீசல் புகையில் அக்ரோலின் என்று ஒன்று இருக்கிறது, மூக்கையும் கண்ணையும் எரியவைப்பவற்றில் அதுவும் ஒன்று. மூக்கில் அந்த எரிச்சலை உணரும் முப்பிரிவு நரம்புதான் ஒற்றைத் தலைவலியின் வலியையும் கொண்டுபோகிறது. அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு மாஸ்க் பாதி உதவிதான். கார்பன் அடுக்கு வைத்த மாஸ்க் நெடியைக் கொஞ்சம் குறைக்கும், கார்பன் மோனாக்சைடை அதுவும் தடுக்காது. மூச்சு விடும்போது கண்ணாடியில் ஆவி படிந்தால் மூக்கருகே மாஸ்க் இடைவெளி விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ஆறு நாளில் இரண்டு நாள் வலி வேறு மாதிரி இருந்தது. துடிப்பு இல்லை, நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல் இறுக்கம். ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டது. அது ஹெல்மெட் இறுக்கத்தால் வந்த வலி. ஒரு சைஸ் பெரிது வாங்கியதும் நின்றது.

மாஸ்க்கைவிட அதிகம் உதவியது நிற்கும் இடம். சிக்னலில் இடைவெளி கிடைத்ததும் முன்னே புகுந்து பஸ்ஸின் சைலன்சரை ஒட்டிப் போய் நிற்பதை விட்டேன். மூன்று நான்கு வண்டி பின்னாலேயே, ஓரமாக நின்றுவிடுவேன். பொம்மனஹள்ளிப் பக்கம் மேம்பாலத்துக்கு அடியில் புகை கலைய வழியில்லாமல் தேங்கும். அங்கே வண்டி நகராவிட்டால் உள்தெருவுக்குள் திரும்பிவிடுவேன். பெரிய சாலையிலிருந்து நூற்றைம்பது, இருநூறு மீட்டர் தள்ளிப்போனாலே காற்று நன்றாக மாறும்.

அடுத்து கார். பக்கத்து வீட்டு அண்ணா வண்டியில் நான்கு பேர் போனோம். ஏசியில் வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுற்றவிட்டால் துகள் வெகுவாகக் குறையும். முதல் அரைமணி நேரம் சுகமாக இருந்தது. அப்புறம் ஒவ்வொருவராகக் கொட்டாவி, எனக்கு மந்தமான தலைக்கனம்.

"ஏசி ஓடுதே தம்பி, இன்னும் என்ன?" என்றார் அண்ணா.

பிரச்சினை நாங்கள் விட்ட மூச்சுதான். அடைத்த காருக்குள் நான்கு பேரின் கரியமில வாயு வேகமாகச் சேரும், அதுவே தலையைக் கனக்கவைக்கும். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை, முன்னால் லாரி இல்லாத இடமாகப் பார்த்து, இரண்டு மூன்று நிமிடம் வெளிக்காற்றை விட்டோம். கனம் போய்விட்டது. துடிக்கும் வலி அந்தப் பத்து நாளில் மூன்று நாள்தான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: காரில் ஏறிய எல்லோருக்கும் தலைவலியும் குமட்டலும் வந்து, இறங்கியதும் தெளிந்தால் சைலன்சர் புகை உள்ளே கசிகிறதா என்று மெக்கானிக்கிடம் உடனே காட்ட வேண்டும். கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும்.

மெட்ரோவுக்கு நேரம் கூடுதல். அல்சூரில் ஏறி மெஜஸ்டிக்கில் ஒரு மாற்றம், ஆர்.வி. ரோட்டில் இன்னொன்று. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் பாதை சில்க் போர்டு வழியாக எலக்ட்ரானிக் சிட்டிக்கே போகிறது. பத்து நாளில் ஒரே நாள்தான் வலி, அன்று நான் காலையில் சாப்பிடவில்லை. நெரிசல் உண்டு, பக்கத்தில் நிற்பவரின் சென்ட் வாசனை சிலருக்கு வலியைக் கிளப்பலாம். ஆனாலும் என் ஓட்டு மெட்ரோவுக்கே.

ஸ்டேஷன் தூரமாக இருப்பவர்களுக்கு ஸ்கூட்டரே கதி என்றால், முதலில் நேரத்தை மாற்றிப் பாருங்கள். மெட்ரோ வேலைநிறுத்தம் என்று யாரோ கிளப்பிவிட்ட ஒரு நாள் ஏழு மணிக்கே ஸ்கூட்டரில் கிளம்பினேன். சில்க் போர்டில் ஒரே சிக்னலில் தாண்டிவிட்டேன், புருவம் துடிக்கவில்லை.

மாத்திரை விஷயத்தில் நோட்டு இன்னொன்றையும் காட்டியது. ஸ்கூட்டரில் போன காலத்தில் வாரத்துக்கு மூன்று மாத்திரை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து போட்டால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். அந்தக் கணக்கை நெருங்குகிறவர்கள் நரம்பியல் டாக்டரிடம் போகும்போது இந்த நோட்டையும் கையில் எடுத்துப் போங்கள்.