டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் பில்: காப்பீட்டோடு கையில் எவ்வளவு வைக்கலாம்?

போன வருடம் மதுரையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. 68 வயது. 5 லட்ச ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு இருந்தது, கேஷ்லெஸ் அனுமதியும் கிடைத்தது, அறுவை சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. அதுவரைக்கும் 'பாலிசி இருக்கு, அது பார்த்துக்கும்' என்ற நினைப்பில்தான் நான் இருந்தேன். இப்போது எங்கள் வீட்டில் காப்பீட்டோடு சேர்த்து இரண்டரை லட்சம் தனியாக இருக்கிறது. அந்தத் தொகைக்கு எப்படி வந்தேன், மற்ற இரண்டு வழிகளை ஏன் விட்டேன் என்பதைச் சொல்கிறேன்.

முதல் வழி, காப்பீட்டையே பெரிதாக்குவது. பாலிசித் தொகையை 10 லட்சமாக்கி, கையுறை, முகக்கவசம் மாதிரியான செலவுகளையும் கொடுக்கும் கூடுதல் இணைப்பையும் வாங்கிவிட்டு, கையில் ஒரு 50,000 மட்டும் வைத்துக்கொள்வது. இரண்டாவது, எல்லோரும் சொல்கிறபடி ஆறு மாத வீட்டுச் செலவை அவசரத்துக்கென்று சேர்த்து வைப்பது; மருத்துவம், வேலை இழப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பை. மூன்றாவது, அந்தப் பையைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்கென்றே தனித் தொகை. நான் மூன்றாவது கட்சி.

எங்கள் கணக்கையே பார்க்கலாம். பில் 2,86,000. அதில் காப்பீடு கொடுக்காத பொருட்கள் என்று 22,000 கழிந்தது. இதற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பட்டியலே இருக்கிறது. கையுறையில் தொடங்கி உடன் இருப்பவரின் சாப்பாடு வரை அதில் வரும். மீதி 2,64,000. 60 வயதுக்கு மேல் எடுத்த பாலிசி என்பதால் 20 சதவீதம் கோ-பே, அதாவது நம் பங்கு, 52,800. ஆக டிஸ்சார்ஜ் அன்று கவுண்டரில் நான் கட்டியது 74,800. "ஏண்டா, இன்சூரன்ஸ் இருக்குன்னியே?" என்று சக்கர நாற்காலியில் இருந்தபடியே அம்மா கேட்டார்கள். இருக்கிறது, அதனால்தான் இவ்வளவோடு போகிறது என்றேன். செலவு அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

நான் சொல்ல வந்ததே இனிமேல்தான் வருகிறது. அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டு வாடகைக் கட்டில் போட்டோம், படுக்கைப் புண் வராமலிருக்க அதன்மேல் காற்று மெத்தை. வாக்கர், கமோடு நாற்காலி, டயப்பர். ராத்திரியும் பகலும் கூடவே இருக்க ஏஜென்சி மூலம் ஒரு அட்டெண்டர் அக்கா வந்தார், ஒரு நாளைக்கு 900, 45 நாள், அதுவே 40,500. அவர் வருவதற்கு முன்பும் போன பிறகும் சமாளிக்க என் மனைவி ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்ததில் 28,000 போயிற்று. வீட்டில் இருந்தது இந்தியக் கழிப்பறை. அதை மாற்றாமல் அம்மா எழுந்து நடந்தும் பிரயோசனமில்லை, அதற்கு 14,000. பிசியோதெரபி, மருந்து வாங்கவும் மறுபரிசோதனைக்குமான ஆட்டோ எல்லாம் சேர்த்து வீட்டுக்கு வந்த பிறகு மட்டும் ஏறத்தாழ 1,22,000. ஆஸ்பத்திரி கவுண்டரில் கட்டியதைவிட இது அதிகம், கவனியுங்கள்.

பாலிசியில் 'டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள்' என்று ஒரு வரி இருக்கும். அதை நம்பித்தான் நானும் தைரியமாக இருந்தேன். அது மருந்து, பரிசோதனை, மருத்துவர் கட்டணம் போன்ற சிகிச்சைச் செலவுக்குத்தான், அதுவும் முதலில் நாம் கட்டிவிட்டு பில்லையும் மருத்துவர் சீட்டையும் அனுப்பிக் கேட்டு வாங்க வேண்டும். பிசியோதெரபிக்குக் கொடுத்த 12,000-ல் 9,000 ஆறு வாரம் கழித்து வந்தது. அட்டெண்டர் சம்பளம், கமோடு நாற்காலி, கழிப்பறை, விட்டுப்போன சம்பளம் எதுவும் அந்த வரிக்குள் வராது.

இப்போது முதல் வழியை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். கூடுதல் இணைப்பு இருந்திருந்தால் அந்த 22,000-ல் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும், கோ-பே போக. பாலிசியை 10 லட்சமாக்கியிருந்தால் எனக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை, ஏனென்றால் பில் 5 லட்சத்தையே தொடவில்லை. பெரிய பாலிசி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, பெரிய பில்லுக்கு அது வேண்டும்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஆகும் செலவுக்கு அது எந்த வகையிலும் பதில் இல்லை.

ஆறு மாதப் பையில் எனக்கு இருக்கும் சங்கடம் வேறு. எங்கள் வீட்டுச் செலவு மாதம் 45,000, ஆக பையில் 2,70,000. அம்மாவுக்கு மொத்தம் ஆனது 1,97,000. கழித்தால் மிச்சம் 73,000, இரண்டு மாதத்துக்குக்கூடக் காணாது. உடல்நலம் கெடுகிற அதே மாதம்தான் வீட்டில் ஒரு வருமானமும் குறைகிறது என்பதை அந்தச் சூத்திரம் பார்ப்பதே இல்லை. அப்புறம் அது வீட்டுச் செலவை வைத்துப் போட்ட எண். வீட்டில் 70 வயதுக்காரர் இருக்கிறாரா, கோ-பே எவ்வளவு என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தனியாள், 30 வயது, கோ-பே இல்லாத பாலிசி என்றால் அந்த ஒரே பையே போதும் என்று நினைக்கிறேன்.

தனித் தொகையை நான் போட்ட விதம் இது. வீட்டில் வயதில் மூத்தவருக்கு வரக்கூடிய ஒரு சாதாரண பெரிய சிகிச்சைக்கு, இடுப்பு, முழங்கால் மாதிரி, நீங்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியில் எவ்வளவு ஆகும் என்று பில்லிங்கில் கேளுங்கள், சொல்வார்கள். 3 லட்சம் என்று வையுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்காத பொருட்களுக்கு ஒதுக்கினால் 30,000. மீதி 2,70,000-க்குக் கோ-பே 20 சதவீதம், 54,000. வீட்டில் வைத்துப் பார்க்க ஒன்றரை மாத அட்டெண்டர், கட்டில், ஒரு மாதச் சம்பளம், எல்லாமாக 1,20,000. கூட்டினால் 2,04,000. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது முன்பணமாகக் கேட்பதற்கும் விலை ஏறுவதற்கும் கொஞ்சம் இடம் விட்டு இரண்டரை. கோ-பே இல்லை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்றால் ஒரு லட்சத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

புற்றுநோய், டயாலிசிஸ் போல மாதக்கணக்கில் நீளும் நோய்களுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்றால் எனக்கு அந்த அனுபவம் இல்லை, அதனால் அந்த வீடுகளுக்கு இந்த எண்ணை நான் சொல்ல மாட்டேன். நான் பார்த்தது ஒரு அறுவை சிகிச்சை, மூன்று மாதம், அவ்வளவுதான்.

பணம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அம்மா விழுவதற்கு முன் இருந்த சேமிப்பு மொத்தத்தையும் லிக்விட் ஃபண்ட் என்கிற ஒரு வகை மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருந்தேன். உடனடியாக எடுக்கும் வசதி உள்ள ஃபண்டில்கூட ஒரு நாளைக்கு 50,000 அல்லது இருப்பில் 90 சதவீதம், எது குறைவோ அதுதான் கிடைக்கும். அம்மா விழுந்தது சனிக்கிழமை ராத்திரி. மீதிப் பணம் ஞாயிறு தாண்டித்தான் வந்தது, முன்பணத்துக்குக் குறைந்ததை மச்சானிடம் வாங்கிக் கட்டினேன். இப்போது ஒரு லட்சம் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கிறது, வட்டி குறைவுதான், போகட்டும். அந்தக் கணக்கை என் பெயரிலும் மனைவி பெயரிலும், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று மாற்றிவிட்டோம். அடுத்து படுப்பது நானாகவும் இருக்கலாமே.