கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்க விடாதீர்கள்

என் தம்பிக்கு வயது 38. படுவான்கரையில் அறுவடை முடிந்து நெல் மூட்டை ஏற்றிய மறுநாள் கழுத்துப் பிடித்துக்கொண்டது. களுவாஞ்சிகுடிப் பக்கம் முறிவு நெரிவு பார்க்கும் ஒருவரிடம் நான்தான் கூட்டிப்போனேன்.

அவர் ஒன்றுமே விசாரிக்கவில்லை. எண்ணெய் தடவினார். ஒரு கையை நாடியிலும் மற்றதைப் பிடரியிலும் வைத்து இரண்டு பக்கமும் வெடுக்கென்று திருப்பினார். சடக்கென்று சத்தம். "எலும்பு இடத்துக்கு வந்திட்டு" என்று 3,000 ரூபாய் வாங்கினார்.

அந்தச் சத்தம் எலும்பு பொருந்துவதால் வருவதல்ல. விரலில் சொடக்கு எடுப்பது போல, மூட்டுக்குள் உள்ள நீரில் காற்றுக்குமிழ் உண்டாவதால் வருவது. இறுகிய தசை கொஞ்சம் தளரும், ஓரிரு நாள் சுகமாக இருக்கும். விலகிய டிஸ்க் அதனால் உள்ளே போகாது.

தம்பிக்கும் அன்று சுகம்தான். மூன்றாம் நாள் பிடரியின் இடப்பக்கம் முன்பில்லாத ஒரு வலி. போன் பண்ணினேன். "நரம்பு இளகுது அக்கா, இன்னுமொருக்கா கூட்டிவாங்க" என்றார். போனோம், மறுபடியும் திருப்பினார். அடுத்த நாள் காலையில் தம்பி கிணற்றடியில் இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தான், வாந்தி எடுத்தான். வாய்வு என்றுதான் நினைத்தோம். தேத்தண்ணீர் குடித்தபோது புரையேறி மூக்கால் வந்தது, பேச்சும் குழறியது. அப்புறம்தான் 1990 அம்புலன்சுக்கு அழைத்தோம்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். கழுத்தெலும்புகளின் ஓட்டைகள் வழியாக இரண்டு இரத்தக்குழாய்கள் மூளையின் பின்பகுதிக்குப் போகின்றன. மேல் இரண்டு எலும்புகளுக்கிடையில் அவை வளைந்து போவதால், தலையை வேகமாகத் திருப்பும்போது அங்கே இழுபடுகின்றன. உள்தோல் கிழிந்தால் இரத்தம் கட்டியாகி, அந்தக் கட்டி மேலே போய் அடைக்கும். அது பக்கவாதம். சில மணித்தியாலத்திலும் வரலாம், சில நாள் கழித்தும் வரலாம்.

"முதல் திருப்பலில்தான் கிழிந்தது என்று அடித்துச் சொல்ல ஏலாது" என்றும் சொன்னார். சிலருக்குக் குழாய் தானாகவே கிழிந்து, அதனால்தான் கழுத்து வலியே தொடங்குமாம். இது அரிதாக நடப்பது. ஆனால் புதிதாக வந்த வலியோடு போன கழுத்தை இரண்டாம் முறையும் திருப்பியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கழுத்துப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இளகும். சூட்டு ஒத்தடமும் மெல்லிய அசைவும் போதும். ஆனால் தலைச்சுற்று, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கக் கஷ்டம், முகம் அல்லது கை விறைப்பு, ஒரு பக்க இமை தொங்குவது, இவற்றில் ஒன்று கண்டாலும் எண்ணெய் தடவிக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ அதற்கும் உடனே போக வேண்டும்.

நாலு மாதமாகிறது. தம்பி இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை குடிக்கிறான், சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறான். போன கிழமை அந்தப் பக்கம் போனேன். திண்ணையில் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். ஒரு பிள்ளை கழுத்தைப் பிடித்தபடி தாயின் மடியில் சாய்ந்திருந்தாள். அந்தத் தாயிடம் போய், "திருப்ப விடாதீங்க தங்கச்சி" என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எழுந்து போனார்.