27 இன்ச் மானிட்டரில் எழுத்து எவ்வளவு தெளிவு? 1440-உம் 4கே-வும் பக்கத்தில் பக்கத்தில்

நாள் முழுக்க எழுத்தைப் பார்த்தே வேலை செய்பவர்கள் 27 இன்ச் மானிட்டர் வாங்கும்போது 2560×1440 போதுமா, 3840×2160 பிக்சல் கொண்ட 4கே வேண்டுமா என்ற இடத்தில்தான் தயங்குகிறார்கள். இரண்டையும் நீண்ட காலம் புழங்கிய பிறகு சொல்கிறேன்: எழுத்துதான் முக்கியம் என்றால் 4கே. காரணம் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

அகலத்தின் பிக்சலையும் உயரத்தின் பிக்சலையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் மூலைவிட்டத்தில் எத்தனை பிக்சல் என்று கிடைக்கும். அதைத் திரையின் இன்ச் அளவால் வகுத்தால் பிபிஐ, அதாவது ஒரு இன்ச்சில் எத்தனை பிக்சல் என்பது.

```
√(2560² + 1440²) ÷ 27 = 2937 ÷ 27 ≈ 109
√(3840² + 2160²) ÷ 27 = 4406 ÷ 27 ≈ 163
```

இன்ச் அளவை விவரப் பட்டியலில் பார்த்து எடுங்கள். 24 இன்ச் என்று விற்கும் பல திரைகள் 23.8 தான். கணினியில் இப்போது வைத்திருக்கும் ரெசல்யூஷனைப் போடாமல், பேனலின் சொந்த ரெசல்யூஷனைப் போட வேண்டும். 4கே திரையை 1440-க்குக் குறைத்து ஓட்டினால் பேனலின் பிக்சல் குறைவதில்லை, படம்தான் இழுத்துப் பரப்பப்பட்டு எழுத்தின் ஓரம் கலங்கும்.

பிபிஐ தெரிந்தால் மட்டும் போதாது, எவ்வளவு தூரத்தில் உட்காருகிறோம் என்பதும் சேர வேண்டும். நல்ல பார்வை என்று கண் மருத்துவத்தில் கொள்ளும் அளவு, ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறிவது. அதை வைத்துப் பார்த்தால் 8730-ஐ பிபிஐயால் வகுக்க வருவதுதான், பிக்சல்கள் தனித்தனியாகத் தெரிவது நிற்கும் தூரம், சென்டிமீட்டரில். 109-க்கு 80 செ.மீ., 163-க்கு 54 செ.மீ. மேசையில் பலரும் உட்காருவது சுமார் 60 செ.மீ. தூரத்தில். அதாவது 1440 திரையில் பிக்சல் தெரியும் எல்லைக்கு உள்ளேயே இருக்கிறோம், 4கே-யில் வெளியே வந்துவிடுகிறோம். கூர்மையான கண் உள்ளவர்களுக்கு 4கே-யிலும் சிறிது தெரியும், ஆனால் உறுத்தாது.

தமிழில் இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். 1440 திரையில் 100% ஸ்கேலிங்கில் 16 பிக்சல் எழுத்துருவின் உயரம் சுமார் 3.7 மில்லிமீட்டர். 4கே-யில் 150% வைத்தால் அதே எழுத்து 24 பிக்சல் ஆகும். ஆனால் அங்கே பிக்சல் சிறியது, ஆகவே திரையில் அதே 3.7 மி.மீ. தான். எழுத்து பெரிதாகவில்லை, அதே இடத்தில் 2.25 மடங்கு பிக்சல் கிடைத்திருக்கிறது. மூன்று சுழி ண-வைக் கவனியுங்கள். 1440-இல் சுழிக்கு உள்ளே இருக்கும் வெள்ளை இடம் ஓரிரு பிக்சல்தான். எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினாலே அது சாம்பலாக அடைபட்டு, ணை, னை இரண்டையும் சொல்லைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும். 4கே-யில் சுழிகள் திறந்தே நிற்கும். இகரக் கொக்கியும் மேல்புள்ளியும் எழுத்தோடு ஒட்டாது.

4கே வாங்கியும் எழுத்து மங்கல் என்று சொல்பவர்கள் முதலில் ஸ்கேலிங்கைப் பார்க்க வேண்டும். விண்டோஸில் 150% வைத்த பிறகு சில பழைய செயலிகள் மட்டும் மங்கினால், அவை எழுத்தைப் புதிதாக வரையவில்லை, சிறிதாக வரைந்த படத்தை விண்டோஸ் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று பொருள். பக்கத்து ஜன்னலில் பிரவுசர் தெளிவாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தச் செயலியின் Properties-இல் Compatibility, அதில் Change high DPI settings போய், Override என்று தொடங்கும் கட்டத்தை டிக் செய்து Application தேர்ந்தெடுங்கள். எழுத்து கூர்மையாகும். சில செயலிகளில் பொத்தான்கள் மிகச் சிறிதாகிவிடும், அப்போது பழையபடியே விட்டுவிடுவது மேல்.

மேக்கில் நிலைமை வேறு. இதே 4கே திரையில் 2560×1440 போலக் காட்டச் சொன்னால், மேக் முதலில் 5120×2880-இல் வரைந்து, பிறகு 3840×2160-க்குச் சுருக்குகிறது. ஒரு பிக்சல் கோடு நேராக ஒரு பிக்சலில் உட்காராததால் லேசான மென்மை வரும். 1440 திரையை விட இது எவ்வளவோ மேல்தான். முழுக் கூர்மையும் வேண்டுமென்றால் 27 இன்ச்சிலேயே 5120×2880 பேனல், அதாவது 218 பிபிஐ எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே 1440 திரை வைத்திருப்பவர்கள் உடனே மாற்ற வேண்டியதில்லை. திரையை 75 செ.மீ. வரை பின்னால் தள்ளி, எழுத்தை 125% ஆக்கிப் பாருங்கள். திரையில் கொள்ளும் வரிகள் குறையும், ஆனால் ண-வின் சுழி திறக்கும்.