சோலார் வாட்டர் ஹீட்டர்: போட்ட காசு எத்தனை வருஷத்தில் திரும்பும்?

நாகர்கோவில் பக்கம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 100 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்துப் பல வருஷமாகிறது. குளிப்பது நான்கு பேர். வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் மூன்று வருஷத்தில் முதல் திரும்பிவிடும் என்று விற்பவர் சொல்வதை நம்பி வாங்காதீர்கள்.

அவர் போடும் கணக்கு இது: 100 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 3.8 யூனிட் கரண்ட் வேண்டும். 365 நாள், யூனிட்டுக்கு 6 ரூபாய் என்றால் வருஷம் 8,300 ரூபாய் மிச்சம். பைப் வேலையோடு சேர்த்துச் செலவு 24,000 ரூபாய். சரி, மூன்று வருஷம் வந்துவிட்டது.

ஆனால் நாம் 60 டிகிரியில் குளிப்பதில்லை. பச்சைத் தண்ணீர் கலந்து 40 டிகிரியில் ஆளுக்கு 30 லிட்டர் ஊற்றினால் நான்கு பேருக்கு 120 லிட்டர். அதை 13 டிகிரி ஏற்ற 1.8 யூனிட் போதும். கெய்சரில் வீணாகும் சூட்டையும் சேர்த்து 2 யூனிட் என்று வைப்போம். அப்புறம் மழை. நம் மாவட்டத்துக்கு ஆனி, ஆடியிலும் மழை உண்டு, ஐப்பசி, கார்த்திகையிலும் உண்டு. இந்த நாட்களில் பழைய கெய்சரைத்தான் போடுகிறோம். மூன்று மாதத்தைக் கழித்தால் மிச்சம் 540 யூனிட், அதாவது 3,240 ரூபாய். பராமரிப்புக்கு 400 போனால் 2,840. முதல் திரும்ப எட்டரை வருஷம்.

இதே ஹீட்டரில் ஆறு பேர் குளித்தால் தினம் 3 யூனிட் மிச்சமாகி, ஐந்தரை வருஷத்தில் திரும்பிவிடும். யூனிட் விலையாக உங்கள் பில்லின் கடைசி ஸ்லாப்பைப் போடுங்கள், மிச்சமாவது அந்த யூனிட்கள்தான். இலவச 100 யூனிட்டை ஒட்டியே பில் வரும் வீட்டில் பணமாகப் பெரிய லாபம் இருக்காது.

கண்ணாடிக் குழாய்களை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் உட்புறம் வெள்ளிப் பூச்சு பளபளக்கும். அது பால்போல் வெளுத்துவிட்டால் குழாயின் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம், அந்தக் குழாயை மாற்ற வேண்டும். பூச்சு நன்றாக இருந்தும் நல்ல வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாகவே வந்தால் உள்ளே உப்பு படிந்திருக்கும். கடலோரத்து போர் தண்ணீரில் இது சீக்கிரம் வரும், ஆள் வைத்துக் கழுவ வேண்டும்.

வாங்குவதற்கு முன் காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை மாடியில் எந்தத் தென்னையின் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் பாருங்கள். மட்டையும் தேங்காயும் விழாத தூரத்தில் ஸ்டாண்டை வையுங்கள். குளியலறைக்கு நேர் மேலே இடம் கிடைத்தால் இன்னும் நல்லது, பைப் நீளம் குறையும். நீளமான பைப்பில் ஆறிக் கிடக்கும் தண்ணீரை ஒவ்வொரு காலையும் திறந்துவிட வேண்டியிருக்கும்.